பக்கவாதத்துக்குப் பிறகு புரையேறி வரும் நிமோனியா: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய், படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வரும் நர்ஸ் நான். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களில் பலர் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போவது கை கால் பிரச்சினைக்காக இல்லை, நெஞ்சுக்காக. அந்த வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஆஸ்பிரேஷன் நிமோனியான்னு எழுதியிருக்காங்க. சளி பிடிச்சதுதானே, இதுல என்ன வித்தியாசம்?"

சளி யாரிடமிருந்தாவது தொற்றி வருவது. இது அவருடைய வாயிலிருந்தே நுரையீரலுக்குப் போவது. தொண்டைக்குள் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விழுங்குகிற அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலே ஏறி, மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் மூளையின் அந்தக் கட்டளை மந்தமாகிவிடுவதால் வாசல் மூடுவது ஒரு கணம் தாமதிக்கிறது, அல்லது பாதிதான் மூடுகிறது. அந்த இடைவெளியில் சாப்பாடோ, தண்ணீரோ, வெறும் எச்சிலோ உள்ளே இறங்கிவிடுகிறது, கூடவே வாயில் இருக்கும் கிருமிகளும். வலது பக்க மூச்சுக்குழாய் கொஞ்சம் நேராகவும் அகலமாகவும் இருப்பதால் பெரும்பாலும் வலது நுரையீரலின் அடிப்பகுதியில்தான் போய்த் தங்கும்.

நம் எல்லோருக்கும் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் அப்படி இறங்கத்தான் செய்கிறது. நாம் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். இருமப் பலமில்லாத, சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துபோன, படுத்தே கிடக்கிற ஒருவரால் அது முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

"அவருக்குச் சாப்பிடும்போது இருமலே வரலை. அப்போ விழுங்குறது சரியாத்தானே இருக்கு?"

இதை நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இருமல் வருவது நல்ல செய்தி, ஏனென்றால் மூச்சுக்குழாய் இன்னும் விழிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சியே போய்விட்டால், ஒரு ஸ்பூன் தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் அவர் முகம் கூடச் சுளிக்க மாட்டார். சத்தமில்லாமல் நடப்பதால் யாருக்கும் தெரியாது.

வீட்டில் உங்களுக்குத் தெரியக்கூடியது குரல்தான். நாலைந்து வாய் கொடுத்த பிறகு அவரை "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று கேட்டால், வாசலில் ஏதோ தேங்கி நிற்கிறது. பலமாக இருமச் சொல்லி, இன்னொரு முறை வெறுமனே விழுங்கச் சொல்லுங்கள். அப்போதும் அதே குரல் என்றால் அந்த வேளைக்கு நிறுத்திவிட வேண்டும். கன்னத்துக்குள் சாப்பாடு ஒதுங்குவது, ஒரு வாயை விழுங்க வெகுநேரம் எடுப்பது, கண்ணில் நீர் கோர்ப்பது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு வேகமாவது எல்லாம் அதே கதைதான்.

"களி இல்லாம எங்க மாமாவால இருக்கவே முடியாது. ஒரு உருண்டை குடுத்தா என்ன ஆயிடும்?"

இதைக் கேட்ட மருமகளின் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது, இடது கை கால் விழுந்து, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் விழுங்கும் பரிசோதனை செய்ததாகவும் தெரியவில்லை, என்ன கொடுக்கலாம் கொடுக்கக் கூடாது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவும் இல்லை, டிஸ்சார்ஜ் காகிதத்தில் "மென்மையான உணவு" என்று ஒரே ஒரு வரி. வந்த அன்று சாயங்காலமே அவர் கேட்டது களியும் கீரைக்குழம்பும். மென்மையானதுதானே என்று கொடுத்திருக்கிறார்கள். இருமலே இல்லாமல் சாப்பிட்டார், வீட்டுக்கே சந்தோஷம்.

களியை யாரும் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். அதற்குத் தொண்டையில் நல்ல பலம் வேண்டும். அது ஒட்டும் தன்மை உள்ளது, தொண்டையில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நின்றால் இருமி எடுப்பதும் கஷ்டம். கூடவே இருக்கும் தண்ணீர்க் குழம்பு அதற்கு முன்பே ஓடிவிடும். கட்டியும் நீரும் ஒரே வாயில் கலந்து வருவதுதான் இவர்களுக்கு ரொம்பச் சிரமம். நொய் போட்ட கூழ், சாறும் சக்கையுமாக இருக்கும் பழம், பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாம் அதே ரகம்.

நான் போனது நாலாம் நாள் காலை பத்து மணிக்கு. "மாத்திரை மயக்கம்போல இருக்குங்க, காலையில இருந்து தூங்கிட்டே இருக்கார்" என்றார் அந்த மருமகள். டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன். இடது கன்னத்துக்குள் நேற்று ராத்திரிக் களி சுண்டுவிரல் நுனி அளவுக்கு அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அங்கே ஏதோ இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சல் 99.2 தான். மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன், 28. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 91. அன்றே 108ஐ அழைத்து அனுப்பினோம். எக்ஸ்ரேயில் வலது அடிப்பகுதியில் நிமோனியா. எட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

வந்த பிறகு களியை நிறுத்தினோம், ராகியை நிறுத்தவில்லை. ராகி மாவைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, கட்டி தட்டாமல் காய்ச்சி, ஸ்பூனைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகாமல் ஒரே திரளாக விழும் பதத்தில் கொடுத்தோம். ஆறினால் இறுகும், அதனால் கொடுக்கும் சமயத்தில்தான் பதம் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. எச்சில் பட்டால் மாவுச்சத்து நீர்த்துப்போகும். அவர் வாயில் வைத்த ஸ்பூனையே திரும்பக் கிண்ணத்தில் போட்டால், பத்து நிமிடத்தில் கிண்ணமே தண்ணீராகிவிடும். ஒரு வேளைக் கஞ்சியை இரண்டு சின்னக் கிண்ணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எச்சில் ஸ்பூன் முதல் கிண்ணத்தோடு நிற்கட்டும்.

"தண்ணி கேட்டு அழறார். ஒரு மடக்கு குடுக்கலாமா?"

எல்லோரும் தண்ணீர் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். விழுங்கும் கோளாறு உள்ளவருக்குத் தண்ணீர்தான் மிக வேகமாக ஓடும், வாசல் மூடுவதற்குள் உள்ளே போய்விடும். கெட்டியானது மெதுவாக இறங்குவதால் தொண்டைக்கு நேரம் கிடைக்கிறது. அதற்காகத்தான் மருந்துக்கடையில் கெட்டியாக்கும் பவுடர் விற்கிறார்கள். எந்த அளவு கெட்டி என்பதை விழுங்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்டோ டாக்டரோ பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிக்காது, அதனால் குறைவாகக் குடிப்பார்கள், சிறுநீர் மஞ்சளாகும், மலச்சிக்கல் வரும், மயக்கம் கூட வரலாம். கெட்டியாக்கினால் நிமோனியாவே வராது என்ற உறுதியும் இல்லை. ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் போனார், என்ன நிறம் என்று கவனியுங்கள், குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தாகத்துக்கு வாயை ஈரமாக வைப்பதே பாதித் தீர்வு, அதைக் கீழே சொல்கிறேன்.

"எப்படி உட்கார வெக்கிறது? கயித்துக் கட்டில்லதான் படுத்திருக்கார்."

கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தே கொடுக்காதீர்கள். நடுவில் தொய்ந்து, இடுப்பு கீழே போய், முதுகு வளைந்து, தலை பின்னால் சாய்ந்துவிடும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் வாசல் அகலத் திறந்து நிற்கும். இது வீட்டில் பார்க்கிற தவறுகளில் முதல் தவறு.

கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி போதும். முதுகு நேராக, இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் வரை ஒட்டி, இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். எட்டாவிட்டால் ஒரு பலகையை வையுங்கள், கால் தொங்கினால் உடம்பு வழுக்கிக்கொண்டே போகும். விழுந்த கைக்கு அடியில் தலையணை, அந்தப் பக்கம் சாயாமல் இருக்க இன்னொன்று. மோவாய் கொஞ்சம் கீழே இருக்கட்டும், நெஞ்சில் இடிக்க வேண்டியதில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பிக் கொடுப்பது, மோவாயை நன்றாக அழுத்திக் கொடுப்பது போன்றவை சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுக்கும், அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் சொல்லாமல் செய்யாதீர்கள். படுக்கையை விட்டு எழுப்பவே முடியாதவர் என்றால் சுவரோரமாக முதுகுக்குப் பின்னால் கெட்டியான தலையணைகளை அடுக்கி, முட்டிக்கு அடியிலும் ஒன்று வைத்து, முடிந்த வரை நிமிர்த்துங்கள்.

அப்புறம், நீங்களும் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்க்கிறார், கழுத்து பின்னால் போகிறது. அவர் கண்ணுக்கு நேராக, இல்லாவிட்டால் கொஞ்சம் கீழே உட்காருங்கள். டீஸ்பூன் அளவு, அதிலும் பாதி. வாயில் வைத்துவிட்டு ஸ்பூனை எடுத்ததும் கழுத்துக் குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அது ஏறி இறங்கின பிறகுதான் அடுத்த வாய். டிவியை அணைத்துவிடுங்கள், பேச்சு கொடுக்காதீர்கள், பதில் சொல்ல வாயைத் திறந்தால் வாசலும் திறக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் தொண்டைக்கும் களைப்பு வந்துவிடும், மீதியை அடுத்த வேளைக்கு வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒரு ஸ்பூன் கூடக் கிடையாது.

சாப்பிட்ட பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது அப்படியே நிமிர்ந்து இருக்கட்டும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி வந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

"பாலாடையில பால் ஊத்துறோம், சிரிஞ்சுல ஊத்துறோம், அது ஈசியா இருக்கே?"

உங்களுக்கு ஈசி. குழந்தைக்கு ஊற்றுகிற அந்தப் பழக்கத்தில் பெரியவருக்கும் செய்கிறார்கள். ஊற்றும்போது எப்போது விழுங்குவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை, நீங்கள் முடிவு செய்கிறீர்கள். வேண்டாம். உறிஞ்சுகுழலும் தெரபிஸ்ட் சொன்னால் மட்டும்.

இதோடு சேர்த்து எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் வாயில் ஊற்றுவது, மூக்கில் நெய் விடுவது, நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொல்வது மூன்றும் இவருக்கு ஆபத்து. எண்ணெய் மூச்சுக்குழாயில் போனால் இருமல் கூட வராமல் நுரையீரலில் தங்கி, ஆண்டிபயாட்டிக்கால் தீராத ஒருவகை அழற்சியை உண்டாக்கும்.

"மூக்குல டியூப் போட்டாச்சு. இனிமே பயமில்லைதானே?"

டியூப் சாப்பாட்டை வயிற்றுக்குக் கொண்டுபோகும், எச்சிலைத் தடுக்காது. வயிற்றில் இருந்து மேலே ஏறி வருவதையும் தடுக்காது. அதனால் ஊட்டுகிறவருக்கு வேலை குறைந்ததே தவிர ஆபத்து போய்விடவில்லை.

ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் டியூபில் மூக்கு ஓரத்தில் இருக்கும் குறியீடு மாறியிருக்கிறதா என்று பாருங்கள், முதல் நாளே பேனாவால் அங்கே ஒரு கோடு போட்டு வைத்தால் சுலபம். கோடு வெளியே வந்திருந்தாலோ, டியூப் வாய்க்குள் சுருண்டு கிடந்தாலோ, அவர் இருமி வாந்தி எடுத்திருந்தாலோ ஒரு சொட்டு கூடக் கொடுக்கக் கூடாது, நர்ஸைக் கூப்பிடுங்கள். தள்ளிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்பாதீர்கள், நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கலாம்.

கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம், முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அதே நிலை. சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, அது தானாக இறங்கட்டும், அழுத்தித் தள்ளாதீர்கள். எத்தனை மில்லி என்பது ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தபடி. வயிறு உப்பியிருந்தால், முந்தைய வேளை இன்னும் நிற்பதாகத் தோன்றினால், தள்ளிப்போட்டுக் கேளுங்கள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுங்கள். மாத்திரையைப் பொடியாக்கும் முன் மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள், மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

"வாயால சாப்பிடறதே இல்லையே, அவருக்கு எதுக்குப் பல் தேய்க்கணும்?"

அவருக்குத்தான் அதிகம் தேவை. நாம் சாப்பிடும்போதும் பேசும்போதும் எச்சில் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அது இல்லாதவருக்கு நாக்கிலும் பல்லிலும் ஒரு கோழைப்படலம் தடிக்கிறது, அதில் கிருமி பெருகுகிறது, அந்த எச்சில்தான் இரவில் நுரையீரலுக்கு இறங்குகிறது. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வில், சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் பல் தேய்த்துவிட்டவர்களுக்கு நிமோனியா குறைந்தது.

நான் செய்கிற மாதிரி சொல்கிறேன். நிமிர்த்தி உட்கார வையுங்கள், முடியாவிட்டால் விழாத பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், தண்ணீர் தொண்டைக்குப் போகாமல் கன்னத்தில் தேங்கட்டும். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ், பட்டாணியில் பாதி அளவு பேஸ்ட். நுரை அதிகமானால் அதுவே புரையேறும். பிரஷை நனைத்துப் பிழிந்துவிட்டுப் பல், ஈறு, பிறகு நாக்கு, முன்பக்கத்திலிருந்து கொஞ்சமாகப் பின்னால் போங்கள், ரொம்பப் பின்னால் போனால் குமட்டும். கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். ஈரத் துணியைப் பிழிந்து துடைத்து எடுங்கள். விழுந்த பக்கக் கன்னத்தை டார்ச் அடித்துப் பார்த்துத் துடைப்பது முக்கியம், பழைய வெற்றிலைச் சக்கை, மாத்திரைத் துண்டு எல்லாம் அங்கே கிடைக்கும். பல்லிடுக்கில் உங்கள் விரலை விடாதீர்கள், சிலர் தன்னையறியாமல் கடித்துவிடுவார்கள், எனக்கு அனுபவம் உண்டு.

காலையும் இரவும் கட்டாயம், சாப்பிட்ட ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கன்னத்தைத் துடைப்பது. டியூப் உள்ளவருக்கும், வாய் திறந்தே தூங்குபவருக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் நாக்கையும் உதட்டையும் துடையுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போடுங்கள். நாக்கில் தயிர்போல வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

"எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்? காய்ச்சல் வந்தா போதுமா?"

காய்ச்சலுக்காகக் காத்திருந்தால் தாமதம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நிமோனியா முற்றலாம். முதலில் மாறுவது நடத்தைதான். நேற்றுவரை பேசியவர் இன்று தூங்கிக்கொண்டே இருப்பது, திடீரென்று குழப்பமாகப் பேசுவது, சாப்பாட்டை வேண்டாமென்பது.

தினமும் காலையில் அவர் அமைதியாக இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். அவருக்கு வழக்கம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மாற்றம் தெரியும். சாதாரணமாக 12 முதல் 20. 24ஐத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 30 ஆனால் யாரையும் கேட்காமல் 108. ஆக்சிமீட்டர் இருந்தால் விழாத கையின் விரலில், விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அரை நிமிடம் விட்டுப் படியுங்கள், மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் தப்பாகக் காட்டலாம். வழக்கத்தில் 96 இருந்தவருக்கு 93 வந்தால் பேசாமல் இருக்காதீர்கள், 92க்குக் கீழ் என்றால் அவசரம். ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவருக்கு இந்த எண் வேறாக இருக்கலாம், அவர் டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். உதடு நீலமாவது, பேசவே மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் கண் திறக்காதது இவற்றுக்கு எண்ணே தேவையில்லை.

வாந்தி எடுத்துப் புரையேறிய பிறகு அடுத்த இரண்டு நாள் கூடுதலாகக் கவனியுங்கள். இருமலை நிறுத்தும் சிரப்பைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், இருமல்தான் அவருடைய காவல்.

சாப்பிடும்போதே புரையேறி, சத்தத்தோடு இருமினால் முன்னால் சாய்த்து இருமவிடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால், முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள், வராவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

"எங்க ஊர்ல விழுங்கறதுக்கு தெரபிஸ்ட் எங்க இருக்காங்க?"

தாலுகா ஆஸ்பத்திரியில் கிடைப்பது கஷ்டம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே "விழுங்கும் பரிசோதனை ஆயிடுச்சா, என்ன பதத்துல குடுக்கணும், எழுதித் தாங்க" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

"திரும்ப எப்போ பழையபடி சாப்பிடுவார்?"

பலருக்கு முதல் சில வாரங்களில் விழுங்குவது நன்றாகத் திரும்பும், சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் டியூப் தேவைப்பட்டால் வயிற்றில் நேராகப் போடும் டியூபைப் பற்றி டாக்டர் பேசுவார், அதற்குக் குடும்பம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அவர் வயது, விருப்பம் எல்லாம் சேர்த்து.

பாலக்கோட்டு மாமனாருக்கு மூன்றாம் மாதம் மறுபடி பரிசோதித்தார்கள். இப்போது குழைய வேகவைத்து மசித்த சாதமும் கெட்டிப் பருப்பும் சாப்பிடுகிறார், தண்ணீர் இன்னும் கெட்டியாகத்தான். களி கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. மருமகள் அதே ராகிக் கஞ்சியில் கீரையை அரைத்து வடிகட்டிச் சேர்த்து, குழம்பு வாசனையோடு கிண்ணத்தில் வைத்து நீட்டுகிறார். "இது களியா?" என்று அவர் முறைப்பார், சாப்பிட்டு முடித்ததும் "ஆ" சொல்வார், அந்தக் குரல் தெளிவாக வந்தால்தான் அந்த வீட்டில் அடுத்தவர்கள் சாப்பிட உட்காருகிறார்கள்.